ஒரே காலத்தில் இரண்டு வேலை: விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது?

(வேலை விண்ணப்பப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். சிலர் இங்கிருந்து நேராக மாலை ஷிப்டுக்குப் போகவேண்டியவர்கள் என்பதும் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

நம் வீடுகளில் ஒரே வேலையை மட்டும் செய்து குடும்பத்தை ஓட்டியவர்கள் குறைவு. பகலில் தொழிற்சாலை, இரவில் காவலாளி. வாரநாளில் ஸ்டோர், வார இறுதியில் கேட்டரிங். இப்படித்தான் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் கட்டப்பட்டன. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இந்த இரட்டை வாழ்க்கையை ஒரு விண்ணப்பத் தாளில் எழுதும்போதுதான் குழப்பம் வருகிறது. படிப்பவருக்கு ஆண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. அவர் நினைப்பது மூன்றில் ஒன்று: இவருக்கு எழுதத் தெரியவில்லை, அல்லது இவர் வேலையில் நிலைப்பவர் அல்ல, அல்லது இவர் பொய் சொல்கிறார்.

சென்ற 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிள்ளானிலிருந்து ஒரு தங்கை என்னிடம் வந்தார். கணக்கு எழுத்தர் வேலைக்கு நேர்முகப் பேட்டிக்குப் போய், பாதியில் நிறுத்தப்பட்டுத் திரும்பியவர். பேர் வேண்டாம், அவருடைய தாளை மட்டும் உங்களுக்குக் காட்ட அனுமதி வாங்கியிருக்கிறேன். அவர் எழுதியிருந்தது இதுதான்:

தொழிற்சாலை, 2014–2019
பெட்ரோல் நிலையம், 2015–2017
டியூஷன் நிலையம், 2018–2022
ஸ்டோர், 2022 முதல்
கேட்டரிங் கணக்கு, 2022 முதல்
மொத்த அனுபவம்: 16 ஆண்டுகள்

பேட்டி எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் எஸ்.பி.எம். எழுதியது 2013-இல். பத்து வருடத்தில் 16 வருட அனுபவம் எப்படி வந்தது?" இரண்டாவது கேள்வி, "2018-இல் தொழிற்சாலையில் இருந்தீர்களா, டியூஷன் நிலையத்தில் இருந்தீர்களா?" தங்கைக்கு வாய் அடைத்துவிட்டது. இரண்டு இடத்திலும் இருந்தார், அதுதான் உண்மை. அந்த உண்மை தாளில் இல்லை.

16 எங்கிருந்து வந்தது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தொழிற்சாலையில் 66 மாதம், பெட்ரோல் நிலையத்தில் 31, டியூஷன் நிலையத்தில் 50, ஸ்டோரில் 24, கேட்டரிங்கில் 20. கூட்டினால் 191 மாதம், ஒரு மாதம் குறைய 16 ஆண்டு. கூட்டல் சரி. ஆனால் காலண்டரில் மார்ச் 2014 முதல் பிப்ரவரி 2024 வரை 120 மாதம்தான் இருக்கிறது. ஒரே சனிக்கிழமையையும் ஒரே மாதத்தையும் அவர் இரண்டு முறை எண்ணியிருக்கிறார். இரண்டு வேலை செய்த மாதம் இரண்டு மாதம் ஆகாது. அது இரண்டு வேலை செய்த ஒரு மாதம். தாளில் கூட்டுத்தொகை எழுதவே வேண்டாம் என்பது என் கருத்து. எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் காலண்டரில் எண்ணி எழுதுங்கள்.

முதலில் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுங்கள். பிள்ளைகளின் கணக்கு நோட்டு போதும். மூன்று மாதத்துக்கு ஒரு கட்டம் என்று வைத்தால் ஓர் ஆண்டுக்கு 4 கட்டம், பத்து ஆண்டுக்கு 40. மேலே ஆண்டை எழுதுங்கள். முதல் வரிசையில் முழு நேர வேலைகளை மட்டும் கோடாக இழுங்கள். அதற்குக் கீழே ஒவ்வொரு பகுதி நேர வேலைக்கும் தனித்தனி வரிசை. இதை யாரிடமும் கொடுக்கப் போவதில்லை, உங்கள் கண்ணுக்குத்தான். தங்கையின் நோட்டில் மேல் வரிசை மார்ச் 2014-இல் தொடங்கி பிப்ரவரி 2024 வரை ஓரிடத்திலும் அறுந்துபோகவில்லை. தொழிற்சாலை முடிந்த மறுமாதம் டியூஷன் நிலையம், அது முடிந்த மறுமாதம் ஸ்டோர். பத்து வருடம் ஒரு நாளும் சும்மா இருக்காத ஒரு பெண்ணைத் தாள் அலைபாய்கிறவர் போலக் காட்டியிருந்தது.

அந்த நோட்டில் இன்னொன்றும் தெரிந்தது. டியூஷன் நிலையம் கீழ் வரிசையில் தொடங்கி மேல் வரிசைக்கு ஏறியது. ஜனவரி 2018-இல் வாரத்தில் மூன்று மாலை, 5 மணி முதல் 9 மணி வரை, கட்டண ரசீதும் கணக்கும் எழுதப் போனார். அப்போது தொழிற்சாலை வேலையும் இருந்தது. செப்டம்பர் 2019-இல் நிலையம் அவரை முழு நேரத்துக்கு எடுத்துக்கொண்டது. அவர் இதை "2018–2022" என்று ஒரே வரியில் எழுதியதால்தான் அந்த இரண்டாவது கேள்வி வந்தது. ஒரே முதலாளியிடம் பகுதி நேரம் முழு நேரமாக மாறினால் அதை இரண்டு வரியாகப் பிரிக்கவேண்டும். நிறுவனத்தின் பெயர் ஒரு முறை, அதன் கீழே இரண்டு காலம். பிரித்து எழுதினால் இன்னொரு செய்தியும் சேர்ந்து போகிறது: மாலை வேலைக்கு வந்தவரை அவர்களே முழு நேரத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.

அடுத்து, ஆண்டு மட்டும் போடுகிற பழக்கத்தை விடுங்கள். ஒரே காலத்தில் நடந்த வேலைகளுக்கு மாதமும் ஆண்டும் கட்டாயம். "2015–2017" என்றால் 14 மாதமாகவும் இருக்கலாம், மூன்று முழு ஆண்டாகவும் இருக்கலாம். "ஜூன் 2015 – டிசம்பர் 2017" என்றால் பேச்சு முடிந்தது.

"பகுதி நேரம்" என்ற சொல்லும் தனியாகப் போதாது. மலாயில் "செப்பாரோ மாசா" என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறோம். வாரம் 8 மணியும் பகுதி நேரம்தான், வாரம் 30 மணியும் பகுதி நேரம்தான். 2010-ஆம் ஆண்டின் பகுதி நேரத் தொழிலாளர் விதிமுறைகளோ தனி அளவு வைத்திருக்கின்றன: அதே மாதிரி வேலை செய்யும் முழு நேரத் தொழிலாளியின் வழக்கமான நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல், 70 விழுக்காட்டைத் தாண்டாமல். வாரம் 45 மணி வேலை என்றால் பதிமூன்றரை மணிக்கு மேல், முப்பத்தொன்றரை மணி வரை. தங்கையின் 12 மணி நேரம் அந்த வரம்புக்குள்ளேயே வராது. பேட்டி எடுப்பவர் சட்டப் புத்தகத்தைத் திறக்கப் போவதில்லை, உண்மைதான். ஆனால் வாரத்துக்கு எத்தனை மணி, எந்த நாள்கள் என்று எழுதிவிட்டால் எந்த அளவுகோலை வைத்தாலும் உங்கள் எழுத்து சரியாக நிற்கும்.

மணி நேரம் எழுதுவதால் இன்னொரு சந்தேகமும் தீரும். இரண்டு வேலையும் ஒரே மனிதரால் செய்யக்கூடியதா என்பது அது. பேட்டி எடுத்தவர் தங்கையிடம் இதைக் கேட்கும் அளவுக்குப் போகவில்லை, நான் கேட்டேன்: "தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்ட் என்றால் மாலை 5 மணிக்கு டியூஷன் நிலையத்தில் எப்படி இருந்தாய், தங்கச்சி?" அவர் உடனே சொன்னார்: "அந்த வருஷம் ஜனவரியிலிருந்து என்னை நிரந்தரக் காலை ஷிப்டுக்கு மாத்திட்டாங்கண்ணே. அதனாலதான் அந்த வேலைக்கே போனேன்." அருமையான பதில். அதைத் தாளில் தொழிற்சாலை வரியிலேயே சேர்த்தோம்: "ஜனவரி 2018 முதல் நிலையான காலை ஷிப்ட்."

இப்போது வரிசை. பொதுவாக முழு நேர வேலைகளை ஒரு தலைப்பிலும் பகுதி நேர வேலைகளை இன்னொரு தலைப்பிலும் போடச் சொல்வேன். இரண்டிலும் அண்மையது மேலே. பெரும்பாலோருக்கு இது போதும். ஆனால் தங்கைக்கு இது பொருந்தவில்லை. அவர் கேட்பது கணக்கு வேலை. கணக்கு அனுபவத்தில் பாதிக்கு மேல் பகுதி நேரத்தில் கிடைத்தது. பகுதி நேரம் என்று கீழே தள்ளினால் அவருடைய தகுதியே தாளின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அதனால் நேரத்தை வைத்துப் பிரிக்காமல் வேலையை வைத்துப் பிரித்தோம். நீங்கள் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுவீர்கள். இங்கே தமிழில் காட்டுகிறேன்:

மார்ச் 2014 முதல் இன்று வரை இடைவெளியின்றி முழு நேர வேலை. சில காலம் அதனுடன் பகுதி நேர வேலையும்.

கணக்கு, அலுவலக வேலை

கேட்டரிங் வியாபாரம், கணக்குப் பதிவு
ஜூலை 2022 – இன்று வரை, பகுதி நேரம், வார இறுதியில் 8 மணி நேரம் (ஸ்டோர் வேலையுடன்)

டியூஷன் நிலையம், எழுத்தர்
செப்டம்பர் 2019 – பிப்ரவரி 2022, முழு நேரம்
ஜனவரி 2018 – ஆகஸ்ட் 2019, பகுதி நேரம், மாலையில் வாரம் 12 மணி நேரம் (தொழிற்சாலை வேலையுடன்)

மற்ற வேலைகள்

ஸ்டோர் உதவியாளர்
மார்ச் 2022 – இன்று வரை, முழு நேரம்

தொழிற்சாலை, உற்பத்திப் பிரிவு
மார்ச் 2014 – ஆகஸ்ட் 2019, முழு நேரம், ஜனவரி 2018 முதல் நிலையான காலை ஷிப்ட்

பெட்ரோல் நிலையம், காசாளர்
ஜூன் 2015 – டிசம்பர் 2017, பகுதி நேரம், சனி ஞாயிறு 14 மணி நேரம் (தொழிற்சாலை வேலையுடன்)

அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொற்களைக் கவனியுங்கள். ஒவ்வொரு பகுதி நேர வேலையும் எந்த முழு நேர வேலையோடு ஒட்டி நடந்தது என்று சொல்கின்றன. மேலே உள்ள அந்த முதல் வரியும் முக்கியம். இப்படி வேலையை வைத்துப் பிரித்தால் ஒவ்வொரு தலைப்பிலும் ஓட்டை தெரியும். கணக்குப் பகுதியில் மார்ச் முதல் ஜூன் 2022 வரை ஒன்றுமில்லை. முதல் வரியைப் படித்தவர் அதை வேலையில்லாக் காலம் என்று எண்ணமாட்டார்.

"கணக்கு அனுபவம் எவ்வளவு?" என்று கேட்டால் என்ன சொல்வது? "முழு நேரமாக இரண்டரை ஆண்டு, பகுதி நேரமாக 40 மாதம்" என்று சொல்லச் சொன்னேன். ஐந்து ஆண்டு பத்து மாதம் என்று சேர்த்துச் சொல்லக்கூடாது. சில விண்ணப்பப் பாரங்கள் பகுதி நேரத்தை முழு நேரக் கணக்குக்கு மாற்றிக் கேட்கும். அப்போது வாரம் 45 மணிக்கு எத்தனை மணி என்று வகுக்கவேண்டும். டியூஷன் நிலையத்தின் 20 மாதம், வாரம் 12 மணி என்றால், ஐந்து மாதத்துக்குச் சற்று மேல் வரும். கேட்டரிங்கின் 20 மாதம், வாரம் 8 மணி, ஏறக்குறைய மூன்றரை மாதம். பாரம் கேட்காவிட்டால் இந்த மாற்றல் வேலையே வேண்டாம். நீங்களே உங்களைக் குறைத்துக்கொள்ள அவசியமில்லை.

இந்த மாதங்களை எப்படி உறுதி செய்வது? ஞாபகத்தை நம்பாதீர்கள். ஊழியர் சேமநிதி வாரியத்தின் கணக்கறிக்கையை எடுங்கள். இ.பி.எஃப். இணையக் கணக்கில் பார்க்கலாம், அங்கே கிடைக்காத பழைய ஆண்டுகளுக்குக் கிளை அலுவலகத்தில் கேளுங்கள். இரண்டு முதலாளிகள் கட்டிய மாதத்தில் இரண்டு சந்தா இருக்கும். அதுவே நீங்கள் இரண்டு வேலை செய்ததற்குச் சாட்சி. ஆனால் ஒரு இடத்தில் பலர் தவறுகிறார்கள். இ.பி.எஃப்.பில் சந்தா மாதம் என்பது சம்பள மாதத்துக்கு அடுத்த மாதம். ஜனவரிச் சம்பளத்துக்கான பணம் பிப்ரவரிச் சந்தா. தங்கையின் தொழிற்சாலைச் சந்தா செப்டம்பர் 2019 வரை காட்டியது. அதைப் பார்த்து அவர் செப்டம்பர் வரை தொழிற்சாலையில் இருந்ததாக எழுதப் போனார். எழுதியிருந்தால் அந்த ஒரு மாதம் இரண்டு முழு நேர வேலை செய்தவர் ஆகியிருப்பார்! ஒரு மாதம் பின்னால் தள்ளிப் படித்தால் சரியாகிவிடும். வருமான வரிக்காக முதலாளி தரும் இ.ஏ. பாரத்தையும் வைத்திருங்கள். ஆண்டின் நடுவில் சேர்ந்தாலோ விலகினாலோ அதற்கான தேதியை எழுத அதில் இடம் உண்டு.

அறிக்கையில் ஓட்டை இருந்தால் வேலை முடிந்துவிட்டது என்று பொருளில்லை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய பிறகு, தங்கைக்கு டியூஷன் நிலையம் இரண்டு மாதம் சம்பளமில்லா விடுப்பு கொடுத்தது. சம்பளம் இல்லை, சந்தாவும் இல்லை. ஆனால் வேலை ஒப்பந்தம் முறியவில்லை. அதனால் தாளில் ஒரே வரிதான், இரண்டாக உடைக்கவேண்டியதில்லை. கேட்டரிங் முதலாளியோ ரொக்கமாகவே கொடுத்தார், சந்தாவே கட்டவில்லை. "பகுதி நேரம்தானே, இ.பி.எஃப். கிடையாது" என்று அவர் சொன்னாராம். அது தவறு. பகுதி நேரத் தொழிலாளிக்கும் முதலாளி கட்டவேண்டும், அதைத் தனியாகப் புகார் செய்யலாம். விண்ணப்பத்துக்கு அவருடைய ஒரு கடிதம் வாங்கினோம்: எந்த மாதம் முதல், வாரம் எத்தனை மணி, என்ன வேலை. நான்கு வரி.

இனி நான் வழக்கறிஞராகப் பேசவேண்டிய இடம். சிலர் குழப்பம் வேண்டாம் என்று தேதியை நகர்த்திவிடுகிறார்கள். என்னிடம் வந்த ஓர் அண்ணன் பிப்ரவரி 2010 முதல் நவம்பர் 2014 வரை ஸ்டோர் கீப்பர். ஜனவரி 2012 முதல் வார இறுதியில் காவலாளி வேலையும் செய்தார். இரண்டையும் சேர்த்துக் காட்டினால் "தூங்கி வழிபவன்" என்று நினைப்பார்கள் எனப் பயந்து, "ஸ்டோர் 2010–2011, காவலாளி 2012–2014" என்று ஒன்றன் பின் ஒன்றாக அழகாக அடுக்கிவிட்டார். கீழே "மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை" என்று கையெழுத்தும் போட்டார். புதிய இடத்தில் இரண்டு ஆண்டு நல்லபடியாக வேலை செய்தார். பிறகு மேலாளரோடு ஒரு தகராறு. பழைய கோப்பைத் தோண்டினார்கள். ஸ்டோர் முதலாளியின் கடிதத்தில் 2014 வரை என்று இருந்தது. பொய்த் தகவல் கொடுத்தார் என்று விசாரணை வைத்து நீக்கிவிட்டார்கள். எதற்காகப் பொய்? ஏறக்குறைய மூன்று வருட ஸ்டோர் அனுபவத்தை அவரே வெட்டி எறிந்தார். லாபம் ஒரு காசு இல்லை. 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி வேலை நீக்கத்தை எதிர்த்து 60 நாளுக்குள் மனு கொடுக்கவேண்டும். அவர் என்னிடம் வந்தது 75-ஆவது நாள்.

ஆகவே தாள்களை வேறுபடுத்திப் பாருங்கள். நீங்களாகத் தயாரிக்கும் சுயவிவரத்தில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது உங்கள் விருப்பம். ஆனால் நிறுவனம் தரும் பாரத்தில் "இதுவரை செய்த எல்லா வேலைகளும்" என்று கேட்டுக் கையெழுத்தும் வாங்கினால், எல்லாவற்றையும் எழுதத்தான் வேண்டும். வரிசை மட்டும் கேட்டு, பகுதி நேரத்துக்குத் தனி இடம் இல்லாத பாரமாக இருந்தால், பதவி என்ற கட்டத்திலேயே "எழுத்தர், பகுதி நேரம், வாரம் 12 மணி" என்று எழுதிவிடுங்கள். இரண்டு வேலைகள் இப்போதும் நடக்கின்றன என்றால் முழு நேரத்தை முதலில் போடுங்கள்.

இப்போது இருக்கும் வேலையின் நியமனக் கடிதத்தையும் ஒருமுறை படியுங்கள். எழுத்துப்பூர்வ அனுமதியின்றி வெளி வேலை செய்யக்கூடாது என்ற நிபந்தனை பல கடிதங்களில் இருக்கிறது. அனுமதி வாங்கியிருந்தால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். வாங்கவில்லை என்றால், அந்தப் பகுதி நேர வேலையை எழுதுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடமோ தொழிற்சங்கத்திடமோ பேசுங்கள். புதிய நிறுவனம் பழைய முதலாளியை அழைத்து விசாரிக்கலாம். தேதியை மாற்றி எழுதுவது மட்டும் அதற்கு வழியல்ல.

தங்கை கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "கணக்கு வேலைக்குப் போகிறேன், பெட்ரோல் நிலையத்தை எடுத்துவிடலாமா அண்ணே?" சுயவிவரத்தில் எடுத்துவிடலாம், மேல் வரிசை அறுந்துபோகாது என்றேன். கொஞ்சம் யோசித்தார். "இரண்டரை வருஷம் கல்லாவில் உட்கார்ந்திருக்கேன், ஒரு நாளும் காசு குறைஞ்சதில்ல" என்றார். அப்படியானால் இருக்கட்டும் என்று அந்த வரியின் கீழே, "ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் கல்லாக் கணக்கு ஒப்படைப்பு" என்று சேர்த்துக்கொண்டோம்.